விருந்து அழைப்பில் சாப்பாட்டுப் பெயர்களை அப்படியே எழுதுவதா, ஆங்கிலப்படுத்துவதா?

தேன்மொழி

வணக்கம். பிரிட்டனில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பொங்கலுக்கு எங்கள் பிரிவு ஆட்களை வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறேன். அழைப்பு வாட்ஸ்அப் குழுவில் போகப்போகிறது. அதனால் பத்திரிகை மாதிரி நீளமாக வேண்டாம், நாலைந்து வரி போதும்.

குழுவில் தமிழ் தெரிந்தவர் நான் ஒருத்திதான். ஆங்கிலேயர்கள், போலந்துக்காரர் ஒருவர், நைஜீரியாக்காரர் ஒருவர், குஜராத்திப் பெண் ஒருவர் இருக்கிறார்கள். ஒருவர் பால், நெய் எதுவும் தொடாத வீகன். இன்னொருவருக்கு எள் ஒத்துக்கொள்ளாது, அது சும்மா அரிப்போடு நிற்கிற ஒவ்வாமை இல்லை.

சமையல்: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மெதுவடை, முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், பொடி இட்லி, தயிர்சாதம்.

இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தேன். படித்தால் புரியாத சொற்களின் வரிசையாக இருக்கிறது. இரண்டாவதில் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். பொங்கல் 'ரைஸ் புட்டிங்' ஆகிவிட்டது, வடை 'டோனட்' ஆகிவிட்டது. நான் சமைக்கப்போகிற சாப்பாடு மாதிரியே தெரியவில்லை. நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

முத்துவேல்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தேன்மொழி? பெயர் என்றால் பெயர்தான், அதை மாற்றக்கூடாது. சுஷியை யாராவது மொழிபெயர்த்து எழுதுகிறார்களா? பாஸ்தா, குரோசான், டாக்கோ எல்லாமே அதே பெயரில்தான் உலகம் சுற்றின. நாம் மட்டும் வடையை டோனட் என்றும் தோசையை பான்கேக் என்றும் எழுதிக்கொண்டிருந்தால் நூறு வருடம் ஆனாலும் நம் சாப்பாட்டுக்கு அதன் பெயர் கிடைக்காது. தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். முதல் வடிவத்தை அப்படியே அனுப்புங்கள்.

கதிரவன்77

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது பற்றி நீண்ட நாளாகவே எனக்கு மனக்குறை உண்டு. குடும்பக் குழுவில்கூட எல்லாரும் தங்கிலீஷில்தான் அடிக்கிறார்கள். ஒரே கொழுக்கட்டையை ஒருவர் `kolukattai` என்கிறார், ஒருவர் `kozhukattai` என்கிறார், இன்னொருவர் `kozhukkattai` என்கிறார். கைபேசியில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. தமிழிலேயே அடித்தால் இந்தச் சிக்கலே வராதே?

தேன்மொழி

கதிரவன் அண்ணா, நம் ஆட்களுக்கு எழுதுவதாக இருந்தால் நான் தமிழில்தான் எழுதுவேன். இந்தக் குழுவில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

கதிரவன்77

மன்னிக்கணும், அவசரமாகப் படித்துவிட்டேன். ஆனாலும் எழுத்துக்கூட்டலை யோசித்துக்கொள்ளுங்கள். ழ-வுக்கு நாம் போடும் `zh` நமக்குள்ளே ஒரு உடன்பாடு, அவ்வளவுதான். வெளியார் அதைப் பார்த்தால் 'ஜ'வும் 'ஸ'வும் கலந்த ஒரு ஒலியில் படிப்பார்கள். நல்லவேளை, உங்கள் பட்டியலில் ழ வரவில்லை.

செல்லம்மாள் ம.

தேன்மொழி, நான் பல வருடம் சமையல் குறிப்புகளையும் விருந்துப் பட்டியல்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வேலை செய்தவள். இந்தக் கேள்வி எனக்கு அன்றாடம் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'எழுத்துப்பெயர்ப்பா மொழிபெயர்ப்பா' என்று மொத்தப் பட்டியலுக்கும் ஒரே பதில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பண்டத்துக்கும் வாசிப்பவருக்கு இரண்டு விஷயம் வேண்டியிருக்கிறது. ஒன்று, கூப்பிட ஒரு பெயர். வீட்டுக்கு வந்து 'இன்னொன்று வையுங்கள்' என்று கேட்கவும், பிறகு கூகுளில் தேடவும் அது வேண்டும். மற்றொன்று, அது இனிப்பா காரமா, எதில் செய்தது, தனக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற தகவல். பெயரை ஒலியாகவே விடுங்கள். தகவலை அவர்கள் மொழியில் அரை வரியில் சேருங்கள். முத்துவேல் தம்பி சொன்னதில் முதல் பாதி இதுதான், அது சரி. இரண்டாம் பாதியில்தான் ஒத்துப்போக முடியவில்லை. சுஷி தன் பெயரோடு மட்டும் வந்து சேரவில்லை. கடை அலமாரி, படம் போட்ட பட்டியல், பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர் என்று எத்தனையோ பேர் அதற்கு விளக்கம் சொன்னார்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்தியில் அது எதுவும் கிடையாது.

'டோனட்' ஏன் ஆகாது என்றால், வடிவம் ஒத்துப்போகிறது, சுவை ஒத்துப்போகவில்லை. அந்தச் சொல்லைப் படிக்கிறவர் நாக்கு இனிப்புக்குத் தயாராகிவிடும். கடித்ததும் மிளகும் கறிவேப்பிலையும் வந்தால் வடை நன்றாக இருந்தாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 'உளுத்தமாவில் பொரித்தது, உப்புப் பண்டம்' என்கிற பொருளில் அவர்கள் சொல்லான 'சேவரி ஃப்ரிட்டர்' என்று எழுதினால் போதும்.

சர்க்கரைப் பொங்கலில் வேறொரு சிக்கல். பெயரில் சர்க்கரை இருக்கிறது, சட்டியில் இருப்பது வெல்லம். 'சுகர் பொங்கல்' என்று சொல்லுக்குச் சொல் போட்டால் தவறான தகவல் போய்ச் சேரும். `sakkarai pongal` என்று பெயரை வைத்து, வெல்லமும் நெய்யும் முந்திரியும் போட்ட இனிப்புச் சாதம் என்று சொல்லுங்கள். முந்திரியைச் சொல்லாமல் விடாதீர்கள்.

செல்லம்மாள் ம.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் தனியாக எழுதுகிறேன்.

நமக்கு ஆங்கிலமாகத் தெரிகிற சில சொற்கள் வெளியூர்க்காரருக்கு ஆங்கிலமே இல்லை, அல்லது வேறு பொருளில் ஆங்கிலம். மொழிபெயர்த்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். அங்கேதான் ஆபத்து.

முருங்கைக்காயை 'டிரம்ஸ்டிக்' என்று எழுதிப் பாருங்கள். இந்தியாவில் அது காய். பிரிட்டனில் அது கோழிக்கால். 'டிரம்ஸ்டிக் சாம்பார்' என்று படிக்கிற உங்கள் வீகன் நண்பர் அந்தப் பக்கமே வரமாட்டார், கறி சாப்பிடுகிறவர் கோழியைத் தேடிக் கரண்டியால் துழாவுவார். `moringa` என்று எழுதினால் இன்று பலருக்கும் தெரியும், அந்தக் கீரையின் பொடியைக் கடைகளில் சத்துப்பொடியாக விற்கிறார்கள். அந்தச் சொல்லே நம் முருங்கையிலிருந்து போனதுதான். அதோடு காய் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

தயிரை 'கர்ட்' என்கிறோம். அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் பாலாடைக்கட்டிக்காகத் திரித்த பால்கட்டியோ, எலுமிச்சையில் செய்கிற ஒரு இனிப்போதான் நினைவுக்கு வரும். 'யோகர்ட்' என்று போடுங்கள். 'பிரிஞ்சால்' பிரிட்டனில் 'ஓபர்ஜீன்', அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. இதில் தவறினால் பெரிய கேடு ஒன்றும் இல்லை.

எண்ணெயில் கேடு உண்டு. பொடி இட்லிக்கு நீங்கள் நல்லெண்ணெய்தானே ஊற்றுவீர்கள்? நம் பாட்டில்களில் அதற்கு 'ஜிஞ்சிலி ஆயில்' என்று அச்சிட்டிருப்பார்கள். எள் ஒத்துக்கொள்ளாத உங்கள் நண்பருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வழியே இல்லை. 'செசமி' என்ற சொல் கண்ணில் படாததால் அவர் தைரியமாக எடுத்துச் சாப்பிடுவார். இதற்கு 'குட் ஆயில்' என்று யாரோ போட்டதையும் பார்த்திருக்கிறேன், அதில் எள்ளின் சாயல்கூட இல்லை. எள்ளை 'செசமி' என்று எழுதுங்கள், வேறு எந்தச் சொல்லும் வேண்டாம். இட்லிப் பொடியிலேயே வறுத்த எள் சேர்த்து அரைக்கிற வழக்கமும் பல வீடுகளில் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி

அம்மா, என் பொடியிலும் எள் இருக்கிறது. பாட்டிலை இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அந்தச் சொல்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. 'செசமி' பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. பொடி இட்லியைத் தனித் தட்டில், தனிக் கரண்டியோடு வைக்கப்போகிறேன்.

நிலக்கடலைக்கும் இப்படித்தானா? பொரியலில் வறுத்துப் பொடித்துப் போடுவேன்.

செல்லம்மாள் ம.

ஆமாம், ஆனால் அதில் ஆளைப் பார்க்க வேண்டும். 'கிரவுண்ட்நட்' என்றால் உங்கள் நைஜீரிய நண்பருக்கு உடனே புரியும், அவர்கள் ஊரில் அதுதான் வழக்குச் சொல். மற்றவர்களுக்கு 'பீனட்' என்றால்தான் உறுதியாகப் புரியும். குழுவுக்குப் பொதுவாக எழுதுகிறபோது எல்லாருக்கும் தெரிந்ததையே போடுங்கள்.

அருள்

நான் சமையல்கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் ஒவ்வாமைக்காகக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பொருட்கள் 14. எள், பால், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நம்மவர் பலருக்கும் தெரியாதது, கடுகும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது. நம் தாளிப்பில் கடுகு இல்லாத நாள் ஏது? ஆனால் எந்தப் பண்டத்தின் பெயரிலும் கடுகு வராது. தயிர்சாதம், சாம்பார், பொரியல் மூன்றிலும் அது இருக்கும். பெயரை எழுத்துப்பெயர்த்தாலும் மொழிபெயர்த்தாலும் கடுகு வெளியே தெரியாது, நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

பெருங்காயமும் அப்படித்தான். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், சிலவற்றில் அரிசி மாவு. கோதுமை ஆகாதவர் இருந்தால் டப்பாவைப் பாருங்கள். வீட்டு விருந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் உடம்புக்கு வீட்டுச் சாப்பாடு, கடைச் சாப்பாடு என்ற வேறுபாடு தெரியாதே.

இன்னும் ஒன்று, 'வெஜ்' என்று மட்டும் எழுதாதீர்கள். நமக்கு அதில் பாலும் நெய்யும் அடக்கம். வீகனுக்கு அது போதாது.

முத்துவேல்

ஒவ்வாமை விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். உயிர்ப் பிரச்சினையில் எனக்கு மாறுகருத்து இல்லை. என் கவலை வேறு. எல்லாப் பெயருக்குப் பின்னாலும் ஒரு விளக்கம் தொங்கினால், படிக்கிறவர் விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவார். மறுநாள் அலுவலகத்தில் 'அந்த ஃப்ரிட்டர் நன்றாக இருந்தது' என்றுதான் சொல்வார்.

செல்லம்மாள் ம.

அதற்கு ஒரு வழி உண்டு தம்பி. விளக்கம் ஒரே ஒரு முறை, முதல் தடவை மட்டும். அதன்பிறகு குழுவில் பேச்சு வரும்போதெல்லாம் பெயரையே சொல்ல வேண்டும். 'வடை சூடாகப் போடுகிறேன், ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள்' என்று மறுநாள் செய்தி போனால் அவர்களும் அதே சொல்லையே திருப்பி எழுதுவார்கள். விளக்கத்தையே திரும்பத் திரும்ப எழுதினால் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

ஹசீனா

இந்த உரையாடலைப் படிக்கையில் எனக்கு வேறொரு விதத்தில் இதே சிக்கல் இருப்பது புரிகிறது. நான் தமிழ்த் தோழிகளுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன். அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. 'இஃப்தாருக்கு வாங்க' என்று எழுதுவதைவிட 'நோன்பு திறக்க வாங்க' என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும். அது எங்கள் வீட்டுச் சொல்லும்கூட, யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்தது இல்லை.

வாழ்த்தில் இன்னும் கவனமாக இருப்பேன். 'ஈத் முபாரக்' என்று வந்தால் வருடத்தில் வருகிற இரண்டு பெருநாளில் எது என்று தோழிகளுக்குத் தெரியாது. 'நோன்புப் பெருநாள்' என்றால் உடனே புரிகிறது. 'ஹஜ்ஜுப் பெருநாள்' அல்லது 'தியாகத் திருநாள்' என்றால் மற்றது என்று தெரிகிறது. இங்கே தமிழ்ப் பெயர்தான் அதிகத் தகவல் தருகிறது. ஆனால் 'சஹர்' என்பதை நான் மாற்றுவதில்லை. விடிவதற்கு முன் சாப்பிடுகிற அந்தச் சாப்பாட்டுக்கு வேறு எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒட்டவில்லை.

என்னை யோசிக்க வைத்தது நோன்புக் கஞ்சிதான். இரண்டு சொல்லும் சுத்தத் தமிழ், எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'நோன்பு' என்றதும் என் இந்துத் தோழிக்கு விரதச் சாப்பாடுதான் மனதில் வரும், அதனால் அது சைவம் என்றே எடுத்துக்கொள்வாள். எங்கள் வீட்டுக் கஞ்சியில் ஆட்டிறைச்சிக் கொத்துக்கறி போடுவோம். சில இடங்களில் காய்கறி மட்டும் போட்டும் காய்ச்சுகிறார்கள், எனவே பெயரை வைத்து யாராலும் முடிவுசெய்ய முடியாது. ஒரே மொழிக்குள்ளேயே இப்படி. அதனால் 'கறி போட்டது ஒரு பானை, போடாதது ஒரு பானை' என்று எழுதிவிடுவேன்.

செல்லம்மாள் ம.

ஹசீனா, அருமையாகச் சொன்னீர்கள். எழுத்துப்பெயர்ப்போ மொழிபெயர்ப்போ இரண்டுமே உதவாத இடம் இது. சொல் புரிந்துவிட்டது என்பதாலேயே யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். புரியாத சொல்லாக இருந்தால் கேட்டிருப்பார்கள்.

தேன்மொழி

சாப்பாட்டுப் பட்டியல் ஒரு மாதிரி பிடிபட்டுவிட்டது. இனிப் பண்டிகைப் பெயர். `Thai Pongal` என்று எழுதியிருந்தேன். குஜராத்தித் தோழி படித்துவிட்டு, 'தாய்லாந்துச் சாப்பாடா?' என்று கேட்டாள். 'அறுவடைத் திருவிழா' என்று மொழிபெயர்த்தால் போதுமா?

யாழ்நிலா

நான் இலங்கைத் தமிழ். எங்களுக்கு அது எப்பவும் தைப்பொங்கல்தான், வெறும் 'பொங்கல்' என்று சொல்லுறது குறைவு. இலங்கையின் பொது விடுமுறைப் பட்டியலில் ஆங்கிலத்திலும் `Tamil Thai Pongal Day` என்றுதான் இருக்குது. தாய்லாந்து என்று ஒருவர் குழம்பினதுக்காக நான் அந்த முதல் சொல்லை விடமாட்டன். அது எங்கட மாதத்தின்ர பெயர்.

மற்றப்படி ஒலிபெயர்த்த சொல் எல்லாத் தமிழருக்கும் விளங்கும் என்றும் நினைக்க வேண்டாம். நாங்கள் 'நத்தார் வாழ்த்துகள்' என்று எழுதினால் தமிழ்நாட்டு ஆட்கள் 'அது யார்?' என்று கேட்டிருக்கினம். கிறிஸ்மஸுக்குப் போர்த்துக்கீசரிட்ட இருந்து எங்களுக்கு வந்த சொல் அது.

அருள்

யாழ்நிலா அக்கா, உங்கள் விருப்பம் புரிகிறது. ஆனால் சாப்பாட்டு அழைப்பில் அந்த நான்கு எழுத்து வந்தால், அதுவும் சாப்பாட்டுப் பட்டியலுக்கு மேலேயே வந்தால், ஆங்கிலம் படிக்கிற யாருக்கும் தாய்லாந்துதான் முதலில் தோன்றும். வாழ்த்து அட்டையில் இருந்தால் தோன்றாமல் போகலாம்.

யாழ்நிலா

அப்ப `Tamil` என்ற சொல்லை முன்னால் போட்டால் சரியாகிவிடும் தானே. விடுமுறைப் பட்டியலில் அப்படித்தான் செய்திருக்கினம்.

செல்லம்மாள் ம.

யாழ்நிலா சொன்னதும் ஒரு நல்ல தீர்வுதான். நானாக இருந்தால் `Pongal` என்று மட்டும் எழுதி, தமிழ் மாதமான தையின் முதல் நாள் என்பதை வேறு வாக்கியத்தில் சொல்வேன். இரண்டில் எது என்பது எழுதுகிறவர் மனசுக்கு விட வேண்டியது.

ஆனால் தேன்மொழி, 'ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்' என்பதைப் பெயராக வைக்காதீர்கள். பிரிட்டனில் அந்தப் பெயரிலேயே ஒரு விழா ஏற்கெனவே உண்டு, தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் இலையுதிர் காலத்தில் கொண்டாடுவார்கள். ஜனவரியில் அந்தச் சொல்லைப் பார்த்தால் அவர்களுக்குப் பொருந்தாது. விளக்கமாக வரலாம், 'தமிழர்களின் அறுவடை விழா' என்று. பெயராக வரக்கூடாது.

பண்டிகைச் சொற்களில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது இன்னும் மோசமாகப் போகும். ஆயுத பூஜையை எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை கேட்டு மேலாளருக்கு எழுதும்போது 'ஆயுதம்' என்பதற்கு அகராதி முதலில் காட்டும் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் துப்பாக்கி, கத்தி என்றுதான் படிப்பார். நாம் அன்று கும்பிடுவது புத்தகம், தறி, வண்டி, கணினி என்று நமக்குச் சோறு போடுகிற கருவிகளை. `Ayudha Puja` என்று பெயரை வைத்து, 'வேலைக் கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள்' என்று விளக்குங்கள். சித்திரைப் புத்தாண்டும் அப்படி. ஏப்ரல் நடுவில் 'ஹேப்பி நியூ இயர்' என்று மட்டும் அனுப்பினால் படிப்பவர் திகைப்பார், முன்னால் 'தமிழ்' என்று ஒரு சொல் வேண்டும்.

தீபாவளிக்கு அவர்கள் எதைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொது விடுமுறைப் பட்டியலிலேயே `Deepavali` என்றுதான் இருக்கிறது, அங்கே தயங்காமல் அப்படியே எழுதலாம். பிரிட்டனில் `Diwali` என்றுதான் பெரும்பாலும் தெரியும்.

முத்துவேல்

இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை அம்மா. `Diwali` என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பும் இல்லை, நம் எழுத்துப்பெயர்ப்பும் இல்லை. இந்தியின் எழுத்துப்பெயர்ப்பை நாம் கடன் வாங்குகிறோம். `vadai` என்பதை `vada` என்று எழுதுவதும் அதே கதைதான். விளக்கம் சேர்க்கச் சொன்னீர்கள், சரி என்றேன். பெயரையாவது நம் ஒலியில் வைக்கக்கூடாதா?

செல்லம்மாள் ம.

நியாயமான கேள்வி. `vada` என்றுதான் உணவகப் பட்டியல்களில் அதிகம் இருக்கிறது, தேடினால் படமும் எளிதாகக் கிடைக்கும். அந்த வசதிக்காகத்தான் நான் அப்படி எழுதிவந்தேன். அதனால் அதுதான் சரி என்று நான் வாதாட மாட்டேன். `vadai` என்று தேடினாலும் நம் வடைதான் வரும், `Deepavali` என்றாலும் தீபாவளிதான் வரும். எனவே இந்த இடத்தில் உங்கள் விருப்பப்படி எழுதினால் வாசிப்பவருக்கு இழப்பு ஏதும் இல்லை. ஒரு செய்திக்குள் ஒரே எழுத்துக்கூட்டலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே ஒன்று கீழே ஒன்று என்றிருந்தால் இரண்டு பண்டம் என்று நினைப்பார்கள்.

தேன்மொழி

எல்லாருக்கும் மிக்க நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதல் வரியில் `Pongal`, அடுத்து 'தமிழர்களின் அறுவடை விழா, தை மாதம் முதல் நாள், அறுவடைக்காகச் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம்' என்று. பிறகு பண்டங்கள். `sakkarai pongal`: வெல்லம், நெய், முந்திரி சேர்த்த இனிப்புச் சாதம். `ven pongal`: மிளகும் நெய்யும் போட்ட, குழைவான அரிசி-பருப்புச் சாதம். `medhu vadai`: உளுந்தில் செய்த உப்புப் பண்டம், பொரித்தது. `sambar`: மொரிங்கா காய் போட்ட பருப்புக் குழம்பு. `poriyal`: ஓபர்ஜீன் வதக்கியது, பீனட் உண்டு. `podi idli`: செசமி எண்ணெயும் செசமி விதையும் உண்டு, தனித் தட்டில் இருக்கும். தயிர்சாதத்துக்கு `thayir sadam` என்ற பெயரும், யோகர்ட் சாதம் என்ற விளக்கமும்.

கடைசி வரியில், பல பண்டங்களில் கடுகு உண்டு, நெய்யும் தயிரும் எதில் எதில் உண்டு என்று சொல்லி, வேறு எதுவும் ஆகாது என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள் என்று முடித்திருக்கிறேன்.

பண்டிகைக்குப் பெரிய `P`, பண்டத்துக்குச் சின்ன `p` என்று வைத்தேன். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால் அவர்கள் குழம்பக்கூடாது என்று.

அருள்

நன்றாக இருக்கிறது. இரண்டு விஷயம். வடையைப் பொரிக்கிற எண்ணெய் எது என்றும் எழுதுங்கள். எள் ஆகாதவர் வடையைப் பார்த்தும் தயங்குவார், 'சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தது' என்று இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடுவார். உண்மையில் அந்த எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும், பாத்திரத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் உங்கள் வீகன் நண்பருக்கு இந்தப் பட்டியலில் எது மிஞ்சுகிறது? சாம்பாரில் நெய் விடாமல் இருந்தால் சாம்பார், வடை, பொரியல், இட்லி. அந்த நான்கையும் அவருக்காக ஒரே வரியில் சொல்லிவிட்டால் அவர் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம்.

தேன்மொழி

சாம்பாருக்கு எண்ணெயிலேயே தாளித்துக்கொள்கிறேன் அண்ணா, கடலை எண்ணெய் வேண்டாம், சூரியகாந்திதான். அந்த ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன்.

கதிரவன்77

`thayir` என்று எழுதியிருப்பதை அவர்கள் 'தாயிர்' என்று நீட்டிப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அதுவும் அந்த முதல் நான்கு எழுத்தில் மூன்று, மேலே தாய்லாந்தோடு குழம்பிய அதே எழுத்துகள்.

முத்துவேல்

நீட்டிப் படித்தால் படிக்கட்டும் அண்ணா. சாப்பிடும்போது தேன்மொழி வாயால் சொல்லிக் கேட்டால் சரியாகிவிடும். `vadai` என்று ஐகாரத்தோடு எழுதியதற்கு நன்றி தேன்மொழி.

யாழ்நிலா

`Thai` வரவேயில்லை என்று எனக்கு இப்பவும் மனவருத்தம்தான். தை மாதம் என்று எழுதின இடத்திலயாவது அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில போடுங்கோ. அங்க பக்கத்தில 'மாதம்' என்ற சொல் இருக்குது, ஒருவரும் குழம்பமாட்டினம்.

தேன்மொழி

அந்த இடத்தில் போட்டுவிட்டேன் அக்கா.